இணை ஆசிரியரைத் தேடுவது எப்படி: கேள்வியில் தொடங்கி மேடை வரை

ஒரே துறையில் ஆர்வமுள்ள இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு மணிக்கணக்கில் ஓடும். சேர்ந்து ஒரு ஆய்வுக்கட்டுரை எழுதலாம் என்ற முடிவும் அன்றைக்கே வந்துவிடும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இருவரிடமும் ஒரு பக்கம்கூட இருக்காது. இதற்குச் சோம்பலைக் காரணம் சொல்வது சுலபம். ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. இருவரும் ஒரே நூல்களைப் படித்தவர்கள், ஒரே வேலை தெரிந்தவர்கள். அதனால் தடுமாறுவதும் ஒரே இடத்தில்தான். ஒருவரால் முடியாத பகுதி மற்றவராலும் முடியாது என்பதால் வேலை அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

ஆகவே தேடும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். உங்களை விடாமல் துரத்தும் அதே கேள்வி அவரையும் துரத்த வேண்டும். அந்தக் கேள்வியை அணுக அவர் கையில் இருப்பது உங்களிடம் இல்லாததாக இருக்க வேண்டும். கேள்வி ஒன்று, கைப்பொருள் வேறு. இந்த வழிகாட்டி முழுக்க இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது.

பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது என்பதால் ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பல வருடங்களாகப் பறவைகளின் பாட்டைப் பதிவு செய்து வருகிறார். பரபரப்பான சாலையோரம் எடுத்த பதிவுகளும் அமைதியான காட்டுப்பகுதியில் எடுத்த பதிவுகளும் அவரிடம் சேர்ந்திருக்கின்றன. சாலையோரப் பறவைகள் இன்னும் உயர்ந்த சுருதியில் பாடுகின்றனவோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். காது பழகியிருக்கிறது, பதிவுகள் இருக்கின்றன. ஒலியை அளந்து, புள்ளியியலில் போட்டு, கட்டுரையாக்கத் தெரியாது. அவரைப் பதிவாளர் என்றே அழைப்போம்.

முதல் படி: ஆர்வத்தைக் கேள்வியாக்குங்கள்

"பறவைப் பாட்டில் ஆர்வம் உள்ளவர்கள் தொடர்புகொள்ளலாம்" என்று அறிவித்தால் நிறையப் பேர் வருவார்கள். யாரோடு என்ன செய்வது என்று பதிவாளருக்கும் தெரியாது, வந்தவர்களுக்கும் தெரியாது. ஆட்களைத் தேடும் முன் ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொள்ள வேண்டும். அதில் நான்கு விஷயங்கள் போதும்: கேள்வி என்ன, என்னிடம் என்ன இருக்கிறது, என்னிடம் என்ன இல்லை, எப்போதைக்குள் என்ன வடிவில் முடிய வேண்டும்.

பதிவாளரின் பக்கம் இப்படி இருக்கலாம். கேள்வி: ஒரே இனப் பறவை, சாலை இரைச்சல் உள்ள இடத்தில் பாட்டின் மிகக் குறைந்த அதிர்வெண்ணை உயர்த்துகிறதா? இருப்பது: இரண்டு வகை இடங்களிலும் எடுத்த 200 பதிவுகள், ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், இடம், பயன்படுத்திய மைக். இல்லாதது: அதிர்வெண்ணை அளக்கும் முறை, புள்ளியியல், கட்டுரை எழுதிய அனுபவம். முடிய வேண்டியது: ஒரு வருடத்துக்குள் ஒரு சிறு ஆய்வுக்கட்டுரை, வாய்ப்பிருந்தால் ஒரு மாநாட்டு உரை.

மூன்றாவது வரியில்தான் அதிக நேரம் செலவழியுங்கள். "இல்லாதது" என்ற இடத்தில் எழுதியிருப்பதுதான் நீங்கள் தேடும் ஆளின் விவரம். அது மங்கலாக இருந்தால் தேடலும் மங்கலாகவே இருக்கும். "ஆய்வு தெரிந்தவர்" என்பதை வைத்துத் தேட முடியாது. "இரைச்சல் கலந்த பதிவில் குறைந்த அதிர்வெண்ணை அளக்கத் தெரிந்தவர்" என்றால் உலகம் முழுக்கத் தேடினாலும் பட்டியல் சிறிதாகிவிடும்.

இரண்டாம் படி: மேற்கோள் தடத்தைப் பின்தொடருங்கள்

கேள்வி கையில் இருந்தால் அதே கேள்வியைக் கேட்டவர்களைக் கண்டுபிடிக்க ஒரு நேரான வழி உண்டு. அந்தக் கேள்வியின் தொடக்கமாக எல்லோரும் குறிப்பிடும் ஒரு கட்டுரையைப் பிடியுங்கள். நம் உதாரணத்தில் அது 2003ல் நேச்சர் இதழில் வந்தது. ஸ்லாபெகூர்ன், பீட் என்ற இருவர், இரைச்சல் மிகுந்த நகர்ப்பகுதிகளில் கிரேட் டிட் என்ற சிறு பறவைகள் பாட்டின் குறைந்த அதிர்வெண்ணை உயர்த்திப் பாடுவதாக அதில் காட்டினார்கள்.

கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரையின் தலைப்பைத் தேடினால் கீழே `Cited by` என்ற இணைப்பு இருக்கும். அதைத் தொட்டால், இதை மேற்கோள் காட்டிய கட்டுரைகளெல்லாம் வரும். பல வருடப் பழைய கட்டுரை என்றால் பட்டியல் மிக நீளமாக இருக்கும். பயப்பட வேண்டாம். அந்தப் பட்டியலுக்குள்ளேயே தேட `Search within citing articles` என்ற தேர்வுக் கட்டம் இருக்கிறது. அதைத் தேர்வு செய்துவிட்டு, மேலே உள்ள தேடல் பெட்டியில் உங்கள் ஒரு பக்கத்தின் மூன்றாவது வரியிலிருந்து சொற்களை எடுத்துப் போடுங்கள். பிறகு கடந்த நான்கைந்து வருடங்களுக்கு மட்டும் சுருக்குங்கள். பழைய கட்டுரை எழுதியவர்கள் வேறு கேள்விகளுக்குப் போயிருக்கலாம். சமீபத்தில் எழுதியவர்களுக்குத்தான் இந்த உறுத்தல் இன்னும் இருக்கும்.

இப்படித் தேடும்போது பதிவாளர் கண்ணில் ஒரு விஷயம் பட வேண்டும். 2017ல் வந்த ஒரு கட்டுரை, இரைச்சலில் பறவைப் பாட்டை அளப்பதில் அளவீடே தவறான முடிவைத் தரலாம் என்று எச்சரிக்கிறது. ஒரே கேள்வியைப் பற்றி இருக்கும் கருத்து வேறுபாடு கூட்டாளி தேடுபவருக்குப் புதையல். அந்த வேறுபாட்டில் இரு பக்கமும் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த வாக்குவாதம் நடக்கும் இடத்தில்தான் புதிய பதிவுகளுக்குத் தேவை இருக்கிறது, அதாவது உங்களுக்குத் தேவை இருக்கிறது.

கட்டுரை கிடைத்ததும் முதல் பெயருக்கோ கடைசிப் பெயருக்கோ உடனே எழுதிவிடாதீர்கள். உயிரியல் துறைகளில் கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வுக்குழுவின் தலைவருடையது. அவருக்கு ஒரு நாளில் வரும் கடிதங்கள் அதிகம், கையால் அளந்தவரும் பெரும்பாலும் அவராக இருக்க மாட்டார். பல இதழ்கள் இப்போது கட்டுரையின் முடிவில் யார் என்ன செய்தார் என்று தனியாக அச்சிடுகின்றன. கிரெடிட் என்ற முறைப்படி 14 வகைப் பங்குகள் உண்டு: கருத்துருவாக்கம், தரவு சேகரிப்பு, பகுப்பாய்வு, மென்பொருள், முதல் வரைவு எழுதுதல் என்று போகும். உங்களிடம் இல்லாத பங்கு எதுவோ அதன் எதிரே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நடுவில் இருக்கும், யாரும் கவனிக்காத பெயராகவே அது பல சமயம் இருக்கும். நன்றியுரையையும் விடாதீர்கள். "அளவீட்டில் உதவியதற்கு நன்றி" என்று ஒரு பெயர் இருந்தால், அந்த வேலையை விரும்பிச் செய்தவர், ஆனால் ஆசிரியராக இடம்பெறாதவர் என்று பொருள்.

கட்டுரைகளுக்கு வெளியே ஒரு தடம் உண்டு. தரவை வைத்திருக்கும் இடங்களைப் பாருங்கள். பறவை ஒலிகளுக்கு 2005ல் தொடங்கிய ஸீனோ-கான்டோ என்ற திறந்த தொகுப்பு இருக்கிறது. யார் எந்த இனத்தை எங்கே பதிவு செய்தார்கள் என்பது அங்கே வெளிப்படையாகத் தெரியும். மாநாடுகளில் ஆய்வைச் சுவரொட்டியாக வைத்து அருகே நின்று விளக்கும் அரங்குகளும் அப்படித்தான். மேடையில் பேசுபவர் முடிந்த வேலையைச் சொல்வார். சுவரொட்டி அருகே நிற்பவர் பெரும்பாலும் பாதியில் இருக்கும் வேலையோடு நிற்பார், அதில் இன்னொருவருக்கு இடம் இருக்கும்.

மூன்றாம் படி: எழுதும் முன் ஆளைப் படியுங்கள்

பட்டியலில் ஐந்தாறு பெயர்கள் வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். ஒவ்வொருவரின் இரண்டு கட்டுரைகளையாவது படியுங்கள், அதுவும் செய்முறைப் பகுதியை. ஒரே பெயரில் பலர் எழுதியிருப்பார்கள் என்பதால் ஆர்கிட் எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது. 16 இலக்கமுள்ள அந்த எண் ஒரு ஆய்வாளருக்கு ஒன்றுதான்.

நான் மிகவும் மதிக்கும் ஓர் அடையாளம் உண்டு: அவரோடு ஒருமுறை எழுதியவர்கள் மறுபடியும் அவரோடு எழுதியிருக்கிறார்களா? புகழையும் மேற்கோள் எண்ணிக்கையையும்விட இது அதிகம் சொல்லும். ஒவ்வொரு கட்டுரையிலும் முற்றிலும் புதிய கூட்டாளிகள், யாரும் இரண்டாம் முறை வரவில்லை என்றால் கொஞ்சம் யோசியுங்கள். ஆனால் துறைக்குப் புதியவர்களிடம் இந்த அளவுகோல் செல்லாது. அவர்களுக்குத் திரும்பி வர இன்னும் காலமே இருந்திருக்காது. அவர்களிடம் வேறு ஒன்றைப் பாருங்கள்: தரவையும் கணக்கிட்ட முறையையும் மற்றவர் சரிபார்க்கும்படி வெளியிட்டிருக்கிறார்களா? அப்படிச் செய்பவர்கள் கூட்டு வேலையிலும் மறைக்க மாட்டார்கள்.

நான்காம் படி: முதல் கடிதம்

1913ல் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதில் கூட்டாளி தேடுபவர் கவனிக்க வேண்டியது ஒன்று. கடிதத்தோடு பக்கம் பக்கமாகத் தேற்றங்கள் போயின. கணிதத்தில் தமக்கு எவ்வளவு ஆர்வம் என்று விளக்கி நிறுத்தாமல், பார்த்தாலே தெரியும்படி வேலையை அனுப்பினார். பெறுபவர் எடைபோட்டுப் பார்க்க ஏதாவது கையில் கொடுப்பதுதான் முதல் கடிதத்தின் உயிர்.

முதல் கடிதத்தில் இணை ஆசிரியராகச் சொல்லிக் கேட்காதீர்கள். முகம் தெரியாத ஒருவரிடம் ஒரு வருட உழைப்பைக் கேட்பது அது. மறுப்பதுதான் அவருக்குச் சுலபம். பத்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய, அவருக்கு மட்டுமே பதில் தெரிந்திருக்கக்கூடிய ஒரு கேள்வியைக் கேளுங்கள். பதிவாளரின் கடிதம் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். உங்கள் கட்டுரையின் செய்முறைப் பகுதியில், இரைச்சல் கலந்த பதிவுகளில் குறைந்த அதிர்வெண்ணைக் கண்ணால் பார்த்துக் குறிக்காமல் ஒரு வரம்பு வைத்து அளந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். என்னிடம் ஒரே இனத்தின் 200 பதிவுகள் இருக்கின்றன. பாதி சாலையோரம், பாதி அமைதியான இடம். எல்லாவற்றையும் ஒரே மைக்கில் பதிவு செய்தேன். மூன்று பதிவுகளையும் விவரப் பட்டியலையும் இணைத்திருக்கிறேன். என் சந்தேகம்: இந்த மூன்றாவது பதிவில் இருக்கும் அளவு இரைச்சலில் உங்கள் முறை நிற்குமா, அல்லது இப்படிப்பட்ட பதிவுகளை விலக்கிவிட வேண்டுமா? இதைப் பற்றி மேலும் பேச உங்களுக்கு விருப்பம் இருந்தால் மகிழ்வேன். ஒரு வரிப் பதிலும் எனக்குப் பெரிய உதவி."

இதில் நீங்கள் யார் என்ற வரலாறு இல்லை. அதைக் கையெழுத்துக்குக் கீழே ஒரு வரியில் வைத்துக்கொள்ளலாம். அவருடைய கட்டுரையைப் புகழ்வதும் இல்லை. படித்திருக்கிறீர்கள் என்பது கேள்வியிலேயே தெரிந்துவிடுகிறது. ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி ஆறு பேருக்கு அனுப்ப முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். முடியும் என்றால் கடிதம் இன்னும் சரியாகவில்லை.

பதில் வரவில்லையா? இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அதே கடிதத்தின் கீழேயே. அதற்கும் பதில் இல்லை என்றால் அடுத்த பெயருக்குப் போங்கள். மௌனத்துக்கு நூறு காரணம் இருக்கும், உங்கள் கேள்வி அதில் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரே சமயத்தில் இருவருக்குமேல் எழுத வேண்டாம் என்பது என் கருத்து. மூன்று பேரும் உற்சாகமாகப் பதில் போட்டுவிட்டால் ஒருவரையாவது நடுவழியில் விட வேண்டிவரும்.

ஐந்தாம் படி: சிறு சோதனை வேலை

பதில் வந்தது, இரண்டு மூன்று முறை பேசியும் ஆயிற்று, பேச்சு நன்றாகப் போகிறது. இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு முழுத் திட்டத்துக்குத் தாவுகிறார்கள். பேச்சில் ஒத்துப்போவது வேறு, வேலையில் ஒத்துப்போவது வேறு. அதைத் தெரிந்துகொள்ள, முடிவுள்ள ஒரு சிறு வேலையைச் சேர்ந்து செய்து பார்க்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் முடிய வேண்டும், முடிவு கட்டுரைக்கும் பயன்பட வேண்டும், ஒத்துவராவிட்டால் இருவரும் வருத்தமில்லாமல் விலக முடிய வேண்டும்.

பதிவாளரும் அவருக்குக் கிடைத்த அளவீட்டாளரும் இப்படிச் செய்யலாம். 20 பதிவுகளை எடுத்துக்கொள்கிறார்கள். எது சாலையோரம், எது காடு என்று தெரியாதபடி கோப்புகளுக்கு வெறும் எண்களைப் பெயராக வைக்கிறார்கள். பதிவாளர், ஒலியின் அதிர்வெண்களைப் படமாக்கிக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் கண்ணால் பார்த்து, பாட்டு எங்கே தொடங்குகிறதோ அந்தக் குறைந்த அதிர்வெண்ணைக் குறிக்கிறார். அளவீட்டாளர் வரம்பு முறையில் அளக்கிறார். அதாவது பாட்டின் உச்ச ஒலியிலிருந்து, உதாரணமாக 20 டெசிபெல் கீழே போகும் இடத்தைக் குறைந்த அதிர்வெண்ணாக எடுக்கிறார். அமைதியான இடத்துப் பதிவுகளில் இருவர் எண்களும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. சாலையோரப் பதிவுகளில் பதிவாளரின் எண்கள் தொடர்ந்து மேலே நிற்கின்றன.

ஏன்? வண்டிகளின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் குவிந்திருக்கும். பாட்டின் கீழ்ப்பகுதி மெலிதாக இருந்தால் அது இரைச்சலுக்குள் புதைந்துபோகும். கண்ணுக்குப் பாட்டு உயரத்தில் தொடங்குவதுபோல் தெரியும். பறவை சுருதியை மாற்றவே இல்லாவிட்டாலும் மாற்றியதாக எண் சொல்லும்.

இதை உறுதி செய்ய அளவீட்டாளர் ஒரு வழி சொல்கிறார். காட்டில் எடுத்த பதிவுகளோடு சாலை இரைச்சலை மென்பொருளில் கலந்து, மறுபடியும் கண்ணால் அளக்கச் சொல்கிறார். அந்தப் பறவை சாலையைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் குறைந்த அதிர்வெண் உயர்ந்ததாக வந்தால், உயர்த்தியது அளவீடுதான் என்று தெரிந்துவிடும். வரம்பு முறைக்கும் எல்லை உண்டு. இரைச்சலே அந்த 20 டெசிபெல் கோட்டுக்கு மேலே நின்றால் அந்தப் பதிவு எந்த முறைக்கும் உதவாது, விலக்கத்தான் வேண்டும்.

இந்தச் சிறு வேலை முடிந்ததும் பதிவாளர் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்கிறார். தனியாகப் போயிருந்தால் கட்டுரை எங்கே இடறியிருக்கும் என்பது ஒன்று. இன்னொன்று, ஆள் எப்படிப்பட்டவர் என்பது. தன் எண்கள் தவறு என்று காட்டியபோது எப்படிக் காட்டினார்? சொன்ன நாளில் அனுப்பினாரா, முடியாவிட்டால் முன்கூட்டியே சொன்னாரா? கோப்புகளுக்குப் பெயர் வைப்பதில் ஒழுங்கு இருக்கிறதா? 20 பதிவுகளில் தெரியும் பழக்கம் 200 பதிவுகளிலும் அப்படியேதான் இருக்கும். எதிர்ப்பக்கத்தில் அளவீட்டாளரும் இதே கண்ணோடுதான் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் பதிவாளர் தன் எண்கள் அடிபட்டதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதும் சோதனையின் பகுதிதான்.

ஆறாம் படி: எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

நட்பு கெட்டுவிடும் என்று பயந்து இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். எழுதாமல் விட்டதால்தான் நட்பு கெடும். ஒரு பக்க மின்னஞ்சல் போதும், "நாம் பேசியதை இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா?" என்று தொடங்கினால் யாருக்கும் உறுத்தாது.

யாருடைய பெயர் எங்கே என்பதை முதலில் பேசுங்கள். இது துறைக்குத் துறை மாறும். கணிதத்தில் பெயர்கள் பெரும்பாலும் அகர வரிசையில் வரும், அதில் யாருக்கும் உயர்வு தாழ்வு இல்லை. உயிரியலில் முதல் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும் தனி எடை உண்டு. வேறு வேறு துறையிலிருந்து வரும் இருவர் இதைப் பேசாமல் விட்டால், இருவரும் தங்கள் துறை வழக்கமே எல்லோருக்கும் வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். வேலையின் அளவு மாறினால் வரிசையும் மாறலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

யார் ஆசிரியர், யார் நன்றியுரையில் என்பதற்கு மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வைத்திருக்கும் நான்கு நிபந்தனைகள் மற்ற துறைகளிலும் நல்ல அளவுகோல். ஆய்வின் வடிவமைப்பிலோ, தரவைச் சேர்ப்பதிலோ, பகுப்பாய்விலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். வரைவை எழுதியிருக்க வேண்டும் அல்லது உள்ளடக்கத்தை ஆழமாகத் திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். முழு வேலைக்கும் பதில் சொல்லப் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்து வேண்டும், ஒன்று குறைந்தாலும் நன்றியுரைதான். பதிவாளர் இதைக் கவனிக்க வேண்டும்: பதிவுகளைக் கொடுத்தது மட்டும் போதாது, வரைவிலும் உட்கார வேண்டும். அளவீட்டாளர் அவரை அதற்கு அழைக்கவும் வேண்டும். ஒருவரை வரைவிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, எழுதவில்லை என்று பெயரை எடுப்பது நேர்மையில்லை.

புகழ்பெற்ற ஒரு கூட்டணி இதற்கு நேர் எதிரான விதியோடு நடந்தது. ஹார்டியும் லிட்டில்வுட்டும் பல வருடங்கள் சேர்ந்து கணிதம் எழுதினார்கள். அவர்களுக்குள் நான்கு விதிகள் இருந்ததாக ஹரால்ட் போர் என்ற கணிதவியலாளர் பதிவு செய்திருக்கிறார். ஒருவர் மற்றவருக்கு எழுதுவது சரியா தவறா என்பது முக்கியமில்லை. வந்த கடிதத்துக்குப் பதில் எழுதவோ, அதைப் படிக்கவோகூடக் கட்டாயமில்லை. இருவரும் ஒரே சமயத்தில் ஒரே நுணுக்கத்தை யோசிக்காமல் இருப்பது நல்லது. இருவர் பெயரில் வரும் கட்டுரையில் ஒருவர் எதுவுமே செய்யாமல் இருந்தாலும் பரவாயில்லை. நான்காவதை இன்றைய இதழ்கள் ஏற்காது. ஆனால் மற்ற மூன்றிலும் அழகான விவேகம் இருக்கிறது. முதல் விதி, அரைகுறை எண்ணத்தையும் கூச்சமில்லாமல் அனுப்ப விடுகிறது. மூன்றாவது, ஒரே இடத்தில் இருவரும் முட்டிக்கொள்ளாமல் காக்கிறது. உங்கள் ஒரு பக்கத்தில் இப்படி உங்களுக்கே உரிய இரண்டு வரிகள் இருந்தால் நல்லது, உதாரணமாக எத்தனை நாளுக்குள் பதில் எதிர்பார்க்கலாம், வரைவில் ஒருவர் எழுதியதை மற்றவர் கேட்காமல் மாற்றலாமா என்பதைப் போல.

கடைசியாக, பிரிவு பற்றி. ஒருவர் நடுவில் விலகினால் பதிவுகள் யாரிடம் இருக்கும்? பதிவுகள் பதிவாளருடையவை, அளந்த எண்களை இருவரும் பயன்படுத்தலாம், விலகுபவரின் வேலை கட்டுரையில் இருந்தால் அவர் பெயரும் இருக்கும் என்பது போல எழுதி வையுங்கள். தேவைப்படாமல் போனால் நல்லதுதான்.

வழியில் பழுதாகும் இடங்கள்

கூட்டு வேலை சட்டென்று உடைவது அரிது. மெதுவாகக் காய்ந்துபோவதுதான் அதிகம். முதல் அறிகுறி, பதில்களில் வேலை குறைந்து விளக்கம் கூடுவது. "இந்த வாரம் பார்க்கிறேன்" என்ற வரி மூன்றாம் முறை வந்தால், காத்திருக்காமல் நேரில் பேசுங்கள். கேட்க வேண்டியது "ஏன் முடிக்கவில்லை" என்பதை அல்ல. "உங்கள் பங்கைச் சிறிதாக்கட்டுமா?" என்று கேளுங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும். மறுபடி வேலை ஓடும்.

இன்னொன்று, கேள்வி வீங்குவது. பதிவாளரும் அளவீட்டாளரும் இன்னொரு இனத்தையும் சேர்க்கலாம், பருவகாலத்தையும் பார்க்கலாம் என்று பேச ஆரம்பிப்பார்கள். ஒவ்வொன்றும் நல்ல யோசனையாகவே இருக்கும். முதல் படியில் எழுதிய பக்கத்தை எடுத்து வைத்து, அதற்குள் வராததை "அடுத்த கட்டுரை" என்று தனிப் பட்டியலில் போடுங்கள். அந்தப் பட்டியல் நீளமாக இருப்பது நல்ல கூட்டணிக்கு அடையாளம்.

மூன்றாவதாக ஒருவர் நுழைவார். "என் குழுத் தலைவர் பெயரையும் போட்டுவிடலாமா?" என்று அளவீட்டாளர் தயங்கிக் கேட்கலாம். அப்போது நான்கு நிபந்தனைகளை எடுத்துப் பேசுவது தனிப்பட்ட மறுப்பாகத் தெரியாது. நிபந்தனை உங்களுடையது அல்ல, இதழ்களுடையது. அவர் வரைவைப் படித்துத் திருத்தி, பொறுப்பும் ஏற்றால் ஆசிரியர்தான். இல்லையென்றால் நன்றியுரையில் மரியாதையாக இடம் உண்டு.

மேடையில் சேர்ந்து பேச

கட்டுரைக்கு ஏற்ற கூட்டாளியும் மாநாட்டு அமர்வுக்கு ஏற்ற கூட்டாளியும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை. ஒரு உரையை இருவர் பகிர்ந்து பேசுவது ஒரு வகை. ஒரே கேள்வியைப் பற்றி மூன்று நான்கு பேர் தனித்தனி உரைகளோடு ஓர் அமர்வாக விண்ணப்பிப்பது இன்னொரு வகை. இரண்டாவதற்கு, ஒரே முடிவைச் சொல்லும் ஆட்களைச் சேர்த்தால் அமர்வு சப்பென்று இருக்கும். நம் உதாரணத்தில், நகரப் பறவைகள் சுருதி மாற்றுவதாகச் சொல்பவர் ஒருவர், அளவீட்டைச் சந்தேகிப்பவர் ஒருவர், புதிய பதிவுகளோடு வரும் பதிவாளர் ஒருவர் என்று இருந்தால் கேட்பவர்களுக்கும் தேர்வுக் குழுவுக்கும் அமர்வின் தேவை உடனே புரியும். இரண்டாம் படியில் நீங்கள் குறித்து வைத்த கருத்து வேறுபாடு இங்கே நேரடியாகக் கைகொடுக்கும்.

நாள் கணக்கைப் பின்னிருந்து போடுங்கள். விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாளுக்கு இரண்டு மாதம் முன்பாவது ஆட்களிடம் பேசத் தொடங்க வேண்டும். ஒவ்வொருவரும் தங்கள் உரைச் சுருக்கத்தைத் தர வேண்டும், அதன் பிறகு அமர்வுக்கான பொதுச் சுருக்கத்தை ஒருவர் எழுத வேண்டும். அழைக்கும்போதே மூன்றைக் கேட்டுவிடுங்கள்: அதே மாநாட்டில் வேறு உரைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறீர்களா, பயணச் செலவுக்கு என்ன வழி, வர முடியாமல் போனால் உங்களுக்குப் பதில் யார் பேசலாம்? பல மாநாடுகள் ஒருவர் இத்தனை உரைதான் தரலாம் என்று வரம்பு வைத்திருக்கும். தெரியாமல் மீறினால் அமர்வே நிராகரிக்கப்படலாம்.

ஒத்திகையை உரைக்காக மட்டும் வைக்காதீர்கள், கேள்வி நேரத்துக்கும் சேர்த்து வையுங்கள். இருவர் பகிர்ந்து பேசும் உரையில் பெரும்பாலும் தடுமாற்றம் வருவது அங்கேதான். கேள்வி வந்ததும் இருவரும் ஒன்றாகப் பேசத் தொடங்குவார்கள், இல்லையென்றால் இருவரும் மற்றவர் பேசட்டும் என்று பார்ப்பார்கள். பதிவு எடுத்த இடம், மைக், பறவை பற்றிக் கேட்டால் பதிவாளர், அளவீடு பற்றிக் கேட்டால் அளவீட்டாளர், இரண்டிலும் சேராதது என்றால் பதிவாளர் முதலில் பேசுவது என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டவர்களின் பெயரையும் அவர்கள் கேட்டதையும், அப்போது பேசாமல் இருப்பவர் குறித்துக்கொள்ள வேண்டும். உரை முடிந்து வெளியே வந்ததும் அந்தக் குறிப்பில் இருப்பவர்களைத்தான் முதலில் தேடிப் போய்ப் பேச வேண்டும்.